தாராவி இட்லி வீட்டுக்கு ஒலி சேர்த்தது

சென்ற ஜனவரியில் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், தாராவியில் தன் சித்தி வீட்டில் எடுத்த குறும்படத்திலிருந்து 46 வினாடி நீளமுள்ள ஒரு பகுதியை என்னிடம் கொண்டுவந்து, “அண்ணே, படம் நல்லாதான் வந்திருக்கு, ஆனா பாக்கும்போது நம்பிக்கை வர மாட்டேங்குது” என்றார். விடியற்காலை நாலரை மணி. சித்தி அடுப்பைப் பற்ற வைக்கிறார், இட்லிப் பானையின் மூடியைத் திறக்கிறார், துணியோடு இட்லிகளைக் கவிழ்த்து உரிக்கிறார், சட்னிக்குத் தாளிக்கிறார், கடைசியில் சித்தப்பா சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு சந்துக்குள் தள்ளிப்போய் முனையில் மறைகிறார். பந்துபோன்ற ரப்பரை அழுத்தி ஹாரன் அடித்தபடி தெருத்தெருவாக இட்லி விற்கும் தமிழர்களை மும்பையில் இருப்பவர்கள் தினமும் பார்த்திருப்பார்கள். அவர்களின் வீட்டில் அன்றைய நாள் எப்படித் தொடங்குகிறது என்பதுதான் படம்.

ஒலியை மட்டும் தனியாகக் கேட்டபோது கோளாறு எங்கே இருக்கிறது என்பது இரண்டு நிமிடத்தில் புரிந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் குழாயில் தண்ணீர் வருகிறது. தண்ணீர் வந்தவுடன் சந்து முழுவதும் மோட்டார்கள் ஓடத் தொடங்குகின்றன. ஐந்து ஷாட்டுகளும் வெவ்வேறு நேரத்தில் எடுக்கப்பட்டவை என்பதால் முதல் ஷாட்டில் ஒரு மோட்டார், இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. படத்தில் ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பின்னணி இரைச்சல் படியேறி இறங்கியது. கண்ணுக்கு அது ஒரே சமையலறையில் தொடர்ச்சியாக நடக்கும் வேலை. காதுக்கு அது ஐந்து வேறு நாட்கள்.

போதாக்குறைக்கு ஒலியைக் கேமராவின் சொந்த மைக்கிலேயே, தானியங்கி ஒலியளவு முறையில் பதிவு செய்திருந்தார்கள். அறை அமைதியாக இருக்கும்போது அந்த முறை தானாகவே அளவை ஏற்றிக்கொண்டே போகும். மூடி ‘டங்’ என்று விழுந்த கணத்தில் சட்டென்று இறக்கிவிடும். பிறகு மெல்ல மறுபடி ஏற்றும். ஒவ்வொரு ஓசைக்குப் பின்னும் பின்னணி அமுங்கி, மூச்சு வாங்குவதுபோல் மேலெழுந்து வந்தால் இதுதான் காரணம் என்று அறியலாம். இதைப் பின்னால் சரிசெய்ய வழியில்லை. எனவே ஒரே ஒரு வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு, ஓசைகளைப் புதிதாகச் செய்து சேர்ப்பது என்று முடிவு செய்தோம். அந்த வசனம், சித்தி வாசலை நோக்கிச் சொல்லும் “சட்னி வாளிய மறந்துராதீய” என்பது. அதை ஸ்டுடியோவில் மறுபடி பேச வைத்தால் அந்த விடியற்காலைக் குரலின் கரகரப்பு வராது.

இப்படிப் படத்தைப் பார்த்துக்கொண்டே காலடி, துணி, பாத்திரம் ஆகியவற்றின் ஓசையை நடித்துப் பதிவு செய்வதற்குத்தான் ஃபோலி என்று பெயர். ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோவில், படங்கள் பேசத் தொடங்கிய காலத்தில் இந்த வேலையைச் செய்த ஜாக் ஃபோலி (1891–1967) என்பவரின் பெயரே தொழிலுக்கும் நிலைத்துவிட்டது. மும்பைக்கு இது புதிதன்று. படப்பிடிப்புக் கேமராவே கடகடவென்று ஓசையிட்ட காலத்தில் இங்கே பெரும்பாலான படங்களுக்கு வசனம் முழுவதையும் பின்னால் டப்பிங் செய்தார்கள். டப்பிங் செய்த குரலோடு காலடியோ கதவோ வராது என்பதால் ஒவ்வொரு ஓசையையும் தனியாகச் செய்து சேர்க்க வேண்டியிருந்தது. இன்று படப்பிடிப்பிலேயே ஒலி எடுத்தாலும் தேவை போய்விடவில்லை. ஓர் இந்திப் படத்தைத் தமிழில் மொழிமாற்றும்போது இந்திக் குரலை எடுத்துவிட்டால் அந்தக் குரலின் மைக்கில் விழுந்த மற்ற எல்லா ஓசையும் அதோடு சேர்ந்து போய்விடும். அந்த வெற்றிடத்தை நிரப்புவது ஃபோலிதான். அந்தேரிப் பக்கம் உள்ள ஃபோலி அறைகளில் தரையையே சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, மார்பிள், மரம், மணல், ஜல்லி என்று பரப்பி வைத்திருப்பார்கள். எங்களிடம் அந்த வசதி இல்லை. செம்பூரில் இருக்கும் என் வீட்டுப் படுக்கையறையும், இரண்டு ரஜாய்ப் போர்வைகளும், ஒரு கண்டென்சர் மைக்கும்தான் இருந்தன.

ஆனால் ஃபோலியை முதலில் தொடக்கூடாது. புதிதாகச் செய்பவர்கள் நேராக மூடிச் சத்தத்துக்கும் காலடிக்கும் போய்விடுவார்கள். பிறகு அவை எல்லாம் கறுப்புத் துணியில் ஒட்டிய பொட்டுகளைப்போல் தனித்தனியாகத் தெரிவதைக் கண்டு குழம்புவார்கள். அவை ஒட்டிக்கொள்வதற்கு ஒரு தரை வேண்டும். அந்தத் தரைதான் சூழல் ஒலி. அதனால் நானும் அவரும் ஒரு சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கே அந்த வீட்டுக்குப் போய், ஒருவரும் பேசாமல், அசையாமல், அடுப்பு எரியாத சமையலறையின் ஒலியை ஐந்து நிமிடம் பதிவு செய்தோம். எந்த அறையும் முழு அமைதியாக இருப்பதில்லை. அந்தந்த அறைக்கு அதற்கே உரிய ஒரு மெல்லிய இரைச்சல் உண்டு. ரூம் டோன் என்று தொழிலில் சொல்வது இதைத்தான். அதன் பிறகு வாசற்படியில் நின்று சந்தின் ஒலியை ஐந்து நிமிடமும், சந்து முனையில் நின்று தொலைவு ஒலியை ஐந்து நிமிடமும் எடுத்தோம். மோட்டார் ஓடத் தொடங்கியதும் அதை மட்டும் தனியாக, உள்ளிருந்து ஒரு முறையும் சந்திலிருந்து ஒரு முறையும் எடுத்துக்கொண்டோம்.

மூன்று தொலைவுகளைத் தனித்தனியாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. சமையலறையில் இருக்கும்போது சந்தின் ஒலி கதவையும் சுவரையும் தாண்டி வருகிறது; கூர்மையான மேல் சுருதிகள் சுவரில் தங்கிவிட, அடித்தள உறுமல் மட்டுமே உள்ளே நுழைகிறது. படம் சந்துக்கு வெட்டும்போது அதே ஒலியின் அளவை மட்டும் கூட்டினால், அறைக்குள் இருந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டதுபோல் தோன்றுமே ஒழிய வெளியே வந்ததுபோல் தோன்றாது. வெளியே வந்தோம் என்பதைக் காதுக்குச் சொல்வது அளவு அல்ல, மேல் சுருதிகள் திரும்பி வருவதுதான். வெளியே போய்ப் பதிவு செய்ய வழியில்லாதவர்கள், வெளியொலியில் சுமார் 1,500 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளவற்றை, சுருதிகளைத் தனித்தனியாகக் கூட்டவும் குறைக்கவும் உதவும் ஈக்வலைசரால் சரிவாகக் குறைத்துவிட்டு அதை ‘உள்ளே’ என்றும், குறைக்காததை ‘வெளியே’ என்றும் வைத்துக்கொள்ளலாம். ஓரளவு வேலை செய்யும்.

மோட்டாரை நாங்கள் ஒழிக்கவில்லை, பரப்பினோம். சித்தியின் வசனத்துக்கு அடியில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இத்தகைய உறுமல் 100, 200, 300 என்று அடுக்கடுக்காக ஏறும். பெண் குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் 200க்கு அருகிலேயே விழுவதால், உறுமலை வெட்டப் போனால் குரலும் சேர்ந்து தேயும். இரைச்சல் நீக்கும் மென்பொருளை அழுத்திப் பயன்படுத்தினாலோ, தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் ஒரு குழைவு வந்துவிடும். எனவே நேர்மாறாக யோசித்தோம். வசனத்துக்கு இருபது வினாடி முன்பே, அடுப்புப் பற்றும் ஷாட்டில், நாங்கள் தனியாக எடுத்த மோட்டாரை மெல்ல ஆரம்பிக்க வைத்து, வசனம் முடிந்து சந்துக்குப் போன பிறகும் ஓடவிட்டோம். வசனத்தோடு வந்த மோட்டார் அதற்குள் மறைந்துவிட்டது. பார்ப்பவருக்கு அது ஒரு பிழையாகத் தெரியாமல், தண்ணீர் வந்துவிட்டது என்ற செய்தியாகத் தெரிந்தது.

சூழல் ஒலியில் அடிக்கடி நேரும் இரண்டு தவறுகளையும் நான் முதல் வாரத்திலேயே செய்தேன். ஒன்று, ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டுவது. சந்தின் ஒலியிலிருந்து இருபது வினாடியை எடுத்து இரண்டு முறை ஒட்டியிருந்தேன்; அதில் யாரோ ஒருவர் தொண்டையைச் செருமியிருந்தார். அதே செருமல் இருபது வினாடி கழித்து மறுபடி வந்ததும் நண்பர் சிரித்துவிட்டார். அடையாளம் தெரியும் எந்த ஓசையும் அடித்தளத்தில் இருக்கக்கூடாது; அதை வெட்டி எடுத்துத் தனித் தடத்தில் வைத்து, வேண்டிய இடத்தில் ஒரு முறை மட்டும் பயன்படுத்த வேண்டும். மற்றொரு தவறு, இணையத்தில் கிடைத்த ‘காலை நகரம்’ என்ற ஒலிக்கோப்பை மேலே போட்டது. அதில் போக்குவரத்து ஓடிக்கொண்டே இருந்தது, ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை. பறவைகள் கூவின, அவற்றில் ஒன்றும் நம் ஊர்ப் பறவை இல்லை. காகத்துக்காக வேறொரு கோப்பை எடுத்தேன். அதன் நடுவே குயில் கூவியது. படம் ஜனவரியில் நடக்கிறது. வெயில் ஏறும் மாதங்களில் விடாமல் கூவும் குயில் குளிர்காலத்தில் பெரும்பாலும் வாய் திறக்காது. இதையெல்லாம் யார் கவனிக்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். அந்தச் சந்தில் இருப்பவர்கள் கவனிப்பார்கள். மற்றவர்களுக்கு எங்கோ ஏதோ பொருந்தவில்லை என்ற அளவில் உறுத்தும்.

ரயில் விஷயத்திலும் இப்படி ஒரு கேள்வி வந்தது. தாராவிக்கு ஒரு பக்கம் மேற்கு ரயில் பாதையும் மறுபக்கம் மத்திய ரயில் பாதையும் ஓடுவதால் விடியற்காலையில் தொலைவில் லோக்கல் போகும் ஓசை அங்கே இயல்பானது. இப்போதைய வண்டிகள் புறப்படும்போது மோட்டாரின் சுருதி படிப்படியாக ஏறிக்கொண்டே போகும் ஒரு தனி ஊளை உண்டு. கதை 1990களில் நடப்பதாக இருந்திருந்தால் அந்த ஊளை பொய்யாகியிருக்கும். எங்கள் கதை இன்று நடப்பது என்பதால் சந்து முனையில் பதிவானதையே, 31ஆவது வினாடியில், ஒரே ஒரு முறை வைத்தோம்.

இனி ஃபோலி. அதை மூன்று சுற்றாகப் பிரித்துச் செய்வது வழக்கம்: உடலோடு நகரும் துணி, காலடி, கையில் எடுக்கும் பொருட்கள். பதிவு செய்தது இரவு ஒரு மணிக்குப் பிறகு. மின்விசிறியை நிறுத்தி, ஃபிரிட்ஜின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுவேன். காலையில் சாவியைத் தேடும்போது ஃபிரிட்ஜை மறுபடி ஓடவிடுவதும் நினைவுக்கு வந்துவிடும். ஃபோலி ஓசைகள் சிறியவை. மைக்கின் ஏற்றத்தை அதிகம் வைக்க வேண்டியிருப்பதால் அறையில் உள்ள சின்ன இரைச்சலும் பெரிதாகப் பதிவாகும். சுவரிலிருந்து எதிரொலி வராதபடி மைக்குக்குப் பின்னாலும் பக்கத்திலும் ரஜாய்களைத் தொங்கவிட்டோம்.

துணியை 46 வினாடியும் ஒரே ஓட்டமாகச் செய்தோம். சித்தி கட்டியிருந்தது சிந்தடிக் புடவை. அதற்குப் பருத்திப் புடவையை அசைத்தால் ஓசை மந்தமாக வரும். அதே வகைத் துணியை இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு, திரையில் அவர் குனியும்போது குனிந்து, திரும்பும்போது திரும்பி, மைக்கிலிருந்து ஒரு முழ தூரத்தில் தேய்த்தேன். இந்தத் தடத்தை யாரும் கேட்பதில்லை. கேட்கும் அளவுக்கு வைத்தால் தவறு. ஆனால் அதை அணைத்துவிட்டுப் பார்த்தால், திரையில் இருப்பவர் அறைக்குள் இல்லாமல் கண்ணாடிக்கு அப்பால் நடமாடுவதுபோல் ஆகிவிடுகிறது.

காலடியில் நான் தோற்றேன். வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நடப்பது எளிது என்று நினைத்தேன். பதிவைக் கேட்டால் ஒரு ஆண் குதிகாலால் தரையை இடிப்பதுபோல் இருந்தது. ஒரே இடத்தில் நின்று நடப்பதுபோல் செய்யும்போது எடை முன்னோக்கி நகராது. அப்படியே கீழே விழும். எடையைக் குதிகாலிலிருந்து விரல்களுக்கு உருட்டிக் கொண்டுபோகத் தெரிய வேண்டும். அதைவிட முக்கியமானதை நண்பர்தான் கவனித்தார்: விடியற்காலையில் அந்தத் தரை ஈரமாக இருக்கிறது. ஈரத் தரையில் வெறுங்கால் வைக்கும்போது வரும் ஓசையைவிட, உள்ளங்கால் ஒட்டி விடுபட்டு எழும்போது வரும் ஓசைதான் அதிகம். தரையில் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு என் மனைவியை நடக்கச் சொன்னோம். அவர் காலில் மெட்டி இருந்ததால் ஒவ்வோர் அடியிலும் மிக மெல்லிய ‘டிக்’ ஒன்றும் சேர்ந்து வந்தது. திரையில் சித்தியின் காலிலும் மெட்டி தெரிகிறது. நாங்கள் திட்டமிடாத ஓர் அதிர்ஷ்டம் அது.

பொருட்களில் மூடியும் கடுகும்தான் அதிக நேரம் எடுத்தன. முதலில் என் வீட்டு இட்லிப் பானையை வெறுமையாக வைத்து மூடியைத் தூக்கினோம். கோயில் மணிபோல் நீண்டு ஒலித்தது. உள்ளே தண்ணீர் இருந்தால் அதன் பாரம் பானையின் சுவர் அதிர்வதைத் தடுத்து ஓசையைத் தாழ்த்திச் சீக்கிரம் அடக்கிவிடும். இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தட்டுகளையும் உள்ளே வைத்து, அடுப்பில் உண்மையிலேயே கொதிக்கவிட்டு இறக்கியபின் எடுத்தபோது பழைய மணியோசை போய், கனத்த, ஈரமான ‘தக்’ ஒன்று கிடைத்தது. மூடியின் விளிம்பிலிருந்து சொட்டும் நீரையும் தனியாக எடுத்தோம். ஆவிக்கு மட்டும் ஓசை சேர்க்கவில்லை. திறந்த பானையிலிருந்து எழும் ஆவி ‘உஸ்’ என்று சீறுவதில்லை, சீறுவது குக்கர். படங்களில் ஆவியைக் கண்டாலே சீற வைப்பது எனக்கு எப்போதும் எரிச்சல் தரும்.

கடுகு வெடிப்பதை நேரடியாகப் பதிவு செய்தால் கேஸ் அடுப்பின் தீ இரையும் ஓசை அதை விழுங்கிவிடுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே சுருதிப் பரப்பில் இருப்பதால் பின்னால் பிரிக்கவும் முடியாது. இதற்கு வழி எளியது. இரும்புக் கரண்டியில் எண்ணெயை நன்றாகக் காயவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, அதன் பிறகு கடுகைப் போட வேண்டும். கனத்த இரும்பு சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் ஏழெட்டு வினாடிக்குக் கடுகு வெடிக்கிறது. சுற்றிலும் வேறு ஓசை எதுவும் இல்லை. மைக்கை மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் இரண்டடி தள்ளி வைக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் தெறித்து மைக்கின் சவ்வு பாழாகும். தீயின் இரைச்சலைத் தனியாக அரை நிமிடம் எடுத்துக்கொண்டால், இரண்டையும் வேண்டிய அளவில் கலக்கலாம். கடுகு முடிந்ததும் கறிவேப்பிலையை ஈரத்தோடு போட்டால் ‘சட்’ என்று ஒரு வெடிப்பு வரும். எங்கள் காட்சியின் மிகப் பெரிய ஓசை அதுதான்.

துணியிலிருந்து இட்லியை உரிப்பது இதற்கு நேரெதிர். உண்மையில் அதற்கு ஓசையே கிடையாது என்று சொல்லலாம். ஆனால் கேமரா ஒரு சாண் நெருக்கத்தில் காட்டும்போது கண் ஏதாவது ஒன்றை எதிர்பார்க்கிறது. ஒரு தட்டில் மாவை மெல்லியதாகத் தடவி, நனைத்த வேட்டித் துண்டை ஒட்டி, மைக்கை அரையடிக்குள் வைத்து மெதுவாகப் பிரித்தோம். ஆவணத்தன்மை உள்ள படத்தில் இப்படி இல்லாத ஓசையை உண்டாக்குவது சரியா என்று எங்களுக்குள் நெடுநேரம் பேச்சு நடந்தது. நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டக்கூடாது, நடந்ததை அருகில் போய்க் கேட்கலாம் என்பது என் கட்சி. நண்பர் அரைமனதோடுதான் ஒத்துக்கொண்டார். அதனால் அந்த ஓசையை இருக்கிறதா இல்லையா என்று ஐயப்படும் அளவுக்குக் கீழே வைத்தோம்.

சைக்கிளை மட்டும் அந்த வீட்டிலேயே, ஒரு பிற்பகலில், சித்தியின் உதவியோடு எடுத்தோம். வெறும் சைக்கிளைத் தள்ளினால் மட்கார்டு கடகடக்கும். பாரம் ஏற்றிய சைக்கிள் அப்படி ஒலிக்காது. எனவே இட்லிப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிக் கேரியரில் கட்டிவிட்டு, ஸ்டாண்டைத் தட்டி எடுப்பது, ஃப்ரீவீல் ‘டிக்டிக்’ என்று சுழல்வது, சாக்கடை மூடிய கல்லின்மேல் சக்கரம் ஏறி இறங்குவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்தோம். “ஏன் தம்பி, அவுக நெசமா போகும்போது எடுக்காம, தண்ணிய ஏத்தி வச்சுத் தள்ளச் சொல்லுதியளே” என்று சித்தி கேட்டார். நெசமாகப் போகும்போது மோட்டார் ஓடுகிறதே சித்தி என்றேன்.

பதிவானவற்றைப் படத்தோடு பொருத்தும்போது ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். படம் வினாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் 40 மில்லிவினாடி. ஒலி பிந்துவதைவிட முந்துவதைத்தான் நம் காது சீக்கிரம் கண்டுபிடிக்கிறது. ஒளிபரப்புக்கான சர்வதேசப் பரிந்துரை ஒன்று, ஒலி 45 மில்லிவினாடி முந்தினாலே தெரிந்துவிடும், பிந்தினால் 125 வரை தெரியாது என்ற அளவைத் தருகிறது. இதற்குக் காரணம் இயற்கையிலேயே இருக்கிறது. ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகிறது. 14 மீட்டர் தள்ளித் துவைப்பவரின் துணி கல்லில் படுவதைக் கண்டு ஒரு ஃப்ரேம் கழித்துத்தான் ஓசையைக் கேட்கிறோம். பிந்தி வரும் ஒலிக்கு நாம் பிறந்ததிலிருந்தே பழகியிருக்கிறோம். முந்தி வரும் ஒலியை உலகில் எங்கும் கேட்டதில்லை. எனவே ஐயம் வரும்போது அரை ஃப்ரேம் பின்னால் தள்ளுவது முன்னால் இழுப்பதைவிடப் பாதுகாப்பானது.

எல்லாம் பொருந்திய பின்னும் ஃபோலி என் படுக்கையறையிலேயே இருந்தது. சித்தியின் சமையலறைக்குப் போகவில்லை. இதற்காக முதல் நாளே ஒரு காரியம் செய்து வைத்திருந்தோம். சமையலறையின் நடுவில் ஒரு பலூனை உடைத்து அந்த ஓசையைப் பதிவு செய்திருந்தோம். வெடித்த கணத்துக்குப் பின் அறை அதை எப்படித் திருப்பிச் சொல்கிறது என்பது முழுவதும் அந்தப் பதிவில் இருக்கும். ரீப்பர் போன்ற மென்பொருளில் அந்தப் பதிவை எதிரொலிக்கான அச்சாகக் கொடுத்தால், நாம் வேறிடத்தில் எடுத்த ஓசையும் அந்த அறையில் ஒலித்ததுபோல் மாறும். பாத்திரங்கள் நிறைந்த சின்ன அறை என்பதால் எதிரொலி அரை வினாடிகூட இல்லை. ஆனாலும் அதைச் சேர்த்தவுடன் மூடியும் காலடியும் வசனத்தோடு ஒரே சுவருக்குள் வந்துவிட்டன. நெருக்கமான ஷாட்டில் இந்த எதிரொலியைக் குறைவாகவும், அகலமான ஷாட்டில் சற்று அதிகமாகவும் வைத்தோம்.

முதல் கலவையைக் கேட்டபோது எல்லாமே கேட்டது, அதுதான் குறை. துணி, காலடி, மெட்டி, வளையல், தீ, சொட்டு, காகம், மோட்டார் என்று ஒரே நேரத்தில் எட்டுத் தடங்கள் பேசிக்கொண்டிருந்தன. ஹாலிவுட்டின் மூத்த ஒலிக்கலைஞர் வால்டர் மர்ச் இதைப் பற்றி ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்: ஒருவர் அல்லது இருவர் நடந்தால் காலடியை ஒவ்வொன்றாகப் பொருத்தியாக வேண்டும், மூன்றாவது ஆள் வந்துவிட்டால் காது தனித்தனி அடிகளைத் தேடுவதை விட்டுவிட்டுக் கூட்டமாகக் கேட்கத் தொடங்கும். ஒரே சமயத்தில் ஒலிக்கும் ஓசைகளுக்கும் நான் இதையே அளவாக வைத்துக்கொண்டேன். எந்தக் கணத்திலும் முன்னால் இரண்டு ஓசைக்கு மேல் வேண்டாம்; மற்றவை தரையோடு கிடக்கட்டும். கறிவேப்பிலை வெடிக்கும் கணத்தில் மெட்டியை எடுத்தோம்; வசனத்தின்போது தீயை இறக்கினோம்; வளையலை முழுவதுமாகவே தூக்கிவிட்டோம். சூழல் ஒலி வசனத்தைவிடச் சுமார் 20 டெசிபெல் கீழே வந்து நின்றது. பிறகு அதை ஹெட்போனில் மட்டும் கேட்டு மகிழாமல் கைப்பேசியின் ஸ்பீக்கரிலும் கேட்டோம். அதில் மோட்டாரின் அடி உறுமல் காணாமல் போய் மேலே உள்ள ‘ங்ங்’ மட்டும் குளவிபோல் மிஞ்சியதால், அந்தச் சுருதியின் அளவைச் சற்றுக் குறைக்க வேண்டி வந்தது.

கடைசி ஏழு வினாடியில் சித்தப்பா முனையில் திரும்பி மறைகிறார். திரை வெறும் சந்தாக நிற்கிறது. ஹாரன் இரண்டு முறை கேட்கிறது. இதற்கு நண்பர் கடைவீதியில் புதிதாக வாங்கிய ஹாரனை என் வீட்டில் அழுத்திப் பதிவு செய்து, அளவைக் குறைத்து வைத்திருந்தோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். நெருக்கமான சந்தில் இருபுறச் சுவரும் ஒலியைச் சிதறவிடாமல் பிடித்து அனுப்புவதால் அவ்வளவு குறையாது. மாறாக, முனை திரும்பிய உடனே மேல் சுருதிகள் வளைய முடியாமல் அறுந்துபோய், கீழ்ச் சுருதி மட்டும் வளைந்து வரும். எங்கள் முதல் ஹாரனும் இரண்டாம் ஹாரனும் ஒரே நிறத்தில் இருந்தன. இரண்டாவதை மட்டும் வடிகட்டிச் சரிசெய்து, படத்தைச் சித்தியிடம் கொண்டுபோய்க் காட்டினோம்.

அவர் மூடியைப் பற்றியோ கடுகைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. தன் வீட்டில் கேட்பதைத்தான் கேட்கிறோம் என்று எடுத்துக்கொண்டார். கடைசி ஹாரன் வந்ததும் நிமிர்ந்து பார்த்து, “இது அவுக ஹாரன் இல்லயே” என்றார். சித்தப்பாவின் ஹாரனில் ரப்பர் ஒரு பக்கம் வெடித்திருக்கிறது. அழுத்தினால் முதலில் காற்று கொஞ்சம் பிசகி, அதற்குப் பிறகுதான் ஓசை வரும். அந்தத் தெருவில் போகும் ஐந்தாறு பேரில் யார் போகிறார் என்பதை வீட்டுக்குள் இருந்தபடியே அவர் அதை வைத்துத்தான் அறிகிறாராம்.

அடுத்த நாள் ஐந்து மணிக்கு மைக்கை வாசற்படியில் வைத்துவிட்டு நாங்கள் உள்ளே நின்றுகொண்டோம். சித்தப்பா வழக்கம்போல் கிளம்பினார். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. படத்திலும் ஓடிக்கொண்டிருப்பதால் அது இடைஞ்சலாக இல்லை. முனைக்கு முன் ஒரு முறை, திரும்பியபின் ஒரு முறை. இரண்டாவதை எதுவும் செய்யாமல் அப்படியே வைத்தோம்.